ஆடிக் காற்றும் சாளை மீனும்

ஆனி, ஆடி மாதங்களில் குளச்சல் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். தமிழ்நாட்டின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். கடலும் சும்மா இருப்பதில்லை. காற்றும் அலையும் சிறு வள்ளங்களைக்கூட அடிக்கடி கரையேற்றிவிடும். ஆனால் கன்னியாகுமரியிலிருந்து கேரளம் வரை, ஆவணியில் தொடங்கி வலைகளில் ஏறப்போகும் சாளைக்கு இரை விளைவது இந்த வாரங்களில்தான்.

ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கரையோரக் கடலின் மேற்பரப்பு 29, 30 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் தென்கேரளப் பகுதியில் அது 25, 26 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். மேகமும் மழையும் வெயிலை மறைப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஆழத்தில் கிடந்த குளிர்ந்த நீர் மேலே வந்துவிடுவது. இதைக் கடல்நீர் மேலெழுச்சி என்கிறார்கள்.

கிடையாக வீசும் காற்று நீரை எப்படி மேலே தூக்கும்? 1893 முதல் 1896 வரை ‘ஃப்ராம்’ கப்பலில் ஆர்க்டிக் கடலில் பனியோடு மிதந்து சென்ற நார்வேக்காரர் நான்சென், பனிப்பாளங்கள் காற்று போகும் திசையில் நேராகப் போகாமல் வலப்பக்கம் ஒதுங்குவதைக் கவனித்தார். அதற்குக் கணக்குப் போட்டுக் காரணம் சொன்னவர் ஸ்வீடனைச் சேர்ந்த எக்மன். பூமி சுழல்வதால், காற்று தள்ளும் மேல்மட்ட நீர் மொத்தமாகப் பார்த்தால் காற்றுக்குச் செங்குத்தாக நகர்கிறது. வடகோளத்தில் வலப்பக்கம், தென்கோளத்தில் இடப்பக்கம்.

இனி கேரளக் கரையில் தெற்குப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலக்கைப் பக்கம் அரபிக்கடல். தென்மேற்குப் பருவக்காற்று என்று பெயர் இருந்தாலும், அந்தக் கரையை நெருங்கும்போது அது வடமேற்காகத் திரும்பி, ஓரளவு கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வீசுகிறது. அதனால் மேல்நீர் வலப்பக்கமாக, அதாவது ஆழ்கடலை நோக்கி விலகுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து நீர் வருகிறது. ஒரு நாளைக்குச் சில மீட்டர் ஏறினாலே அதிகம். ஆனால் இது மே மாதவாக்கில் தென்முனையில் தொடங்கி, மெல்ல வடக்கே பரவி, செப்டம்பர் வரை நீடிக்கிறது. காற்று மட்டுமே இதைச் செய்வதில்லை. வங்கக்கடலில் எழும் அலைவுகள் இலங்கையைச் சுற்றி மேற்குக் கரைக்கு வந்து, பருவக்காற்று வலுப்பதற்கு முன்பே அடிநீரை உயர்த்தத் தொடங்கிவிடுகின்றன.

அந்த நீரில் அப்படி என்ன இருக்கிறது? வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில் வெயில் ஏராளம். ஆனால் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் போன்ற சத்துகளை நுண்பாசிகள் தின்று தீர்த்துவிடுகின்றன. செத்த உயிர்களும் கழிவும் கீழே மூழ்கி மட்கும்போது அந்தச் சத்துகள் இருளான ஆழத்தில் சேர்ந்துவிடும். மேலே வெளிச்சம், கீழே உரம். மேலெழுச்சி இரண்டையும் ஓரிடத்தில் சேர்க்கிறது. சில நாட்களிலேயே டயாட்டம் என்ற நுண்பாசிகள் பெருகிக் கடல் பச்சை நிறம் கொள்கிறது.

சாளை இந்த டயாட்டங்களை நேரடியாகவே வடிகட்டித் தின்னும் மீன். தின்பதற்கும் தின்னப்படுவதற்கும் நடுவே இடைத்தரகர்கள் அதிகம் இல்லாததால்தான் அது லட்சக்கணக்கான டன் அளவில் பெருக முடிகிறது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல், ராமசாமி நாயுடுவுடன் சேர்ந்து 1920களிலேயே மலபார்க் கரையின் சாளையையும் அதன் இரையான நுண்ணுயிர்களையும் ஆராய்ந்து எழுதினார். மழைக்காலத்தில் முட்டையிடும் சாளை, ஏறத்தாழ ஓராண்டில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் வாழ்வது குறைவு. இப்படிக் குறைந்த ஆயுள் உள்ள மீனுக்கு ஒரு பருவம் பொய்த்தால், அது அடுத்த பருவத்தின் வலையிலேயே தெரிந்துவிடும்.

அப்படியானால் மேலெழுச்சி எவ்வளவு பலமோ அவ்வளவு மீன் என்று கணக்குப் போடலாமா? முடியாது. கீழிருந்து வரும் நீரில் சத்து நிறைய இருப்பதுபோல ஆக்சிஜன் குறைவாக இருக்கும். சத்துகளை விடுவித்த அதே மட்குதல், ஆக்சிஜனையும் தின்றுவிடுகிறது. அந்த நீர் கரையோர மேடைமீது ஏறும்போது அடித்தள மீன்கள் மூச்சுவிட வழியின்றி இடம்பெயர்கின்றன. கர்நாடகம், கோவா கரையோரங்களில் பருவத்தின் இறுதியில் அடிநீரில் ஆக்சிஜன் அறவே தீர்ந்து, ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும் அளவுக்குப் போவதும் உண்டு.

1990இல் லாங்ஹர்ஸ்ட், ஊஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு எளிய அளவுகோலால் பிடித்தார்கள். மேல்நீர் விலகி, கனமான குளிர்நீர் வந்து சேரும்போது கரையோரக் கடல்மட்டம் சில அங்குலங்கள் தாழும். கொச்சித் துறைமுகத்தில் அந்த மட்டத்தைப் பல்லாண்டுகளாகப் பதிவு செய்து வருகிறார்கள். அந்தப் பதிவையும் சாளை வரத்தையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். பருவமழைக்கு முன்பே மட்டம் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்த ஆண்டுகளில், அதாவது மேலெழுச்சி முந்திக்கொண்ட ஆண்டுகளில், புதிதாகச் சேரும் சாளைக் குஞ்சுகள் குறைந்திருந்தன. ஆக்சிஜன் குறைந்த நீர் முன்கூட்டியே ஏறி, முட்டையிட வரும் மீன்களைக் கரைப்பக்கம் அண்டவிடாமல் செய்திருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். ஆக, எவ்வளவு நீர் ஏறியது என்பதோடு எப்போது ஏறியது என்பதும் முக்கியம்.

காற்றின் வேகத்துக்கும் அளவு உண்டு. பெரு, கலிபோர்னியா, வடமேற்கு ஆப்பிரிக்கக் கரைகளை ஆராய்ந்த க்யூரி, ருவா என்ற ஆய்வாளர்கள், காற்று நொடிக்கு 5, 6 மீட்டர் வேகத்தில் வீசும்போது மீன்குஞ்சுகள் அதிகம் தேறுவதாக 1989இல் காட்டினார்கள். அதற்குக் குறைந்தால் சத்து மேலே வராது. கூடினால், கலக்கத்தில் இரை சிதறிவிடும். நீந்தத் தெரியாத குஞ்சுகளும் நடுக்கடலுக்கு அடித்துச் செல்லப்படும்.

கடலின் இந்த ஏற்ற இறக்கம் பழையது. 1940களில் சாளை மேற்குக் கரையிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போனது. அப்போது இயந்திரப் படகும் இல்லை, இன்றைய பெரிய சுருக்குவலையும் இல்லை. 2012இல் கேரளத்தில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் டன் சாளை பிடிபட்டது. 2021இல் அது 3,300 டன்னுக்குள் சுருங்கியது. அதன்பின் மறுபடி ஒரு லட்சம் டன்னைத் தாண்டியிருக்கிறது. இந்தச் சரிவுக்கு 2015இன் எல் நினோவோடு கடல் மாறியதும் ஒரு காரணம். முட்டையிடும் வயதுக்கு வருமுன்பே குஞ்சுகளை வாரியதும் ஒரு காரணம். கடல் கைகொடுக்காத ஆண்டில் தாய்மீனும் குறைவாக இருந்தால், அடுத்து நல்ல காற்று வீசினாலும் அதைப் பயன்படுத்திக்கொள்ள மீன் இருக்காது.

காற்றை யாரும் மாற்ற முடியாது. பிடிக்கும் மீனின் அளவை மாற்ற முடியும். கேரளத்தில் 10 செ.மீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கச் சட்டம் தடை விதிக்கிறது. விரல் நீளமே உள்ள சாளை சந்தைக்கு வந்தால் வாங்காதீர்கள். மாநில எல்லை மீனுக்குத் தெரியாது என்பதால், குளச்சலிலும் கொல்லத்திலும் கார்வாரிலும் ஒரே அளவு விதி கறாராக நடைமுறைக்கு வரவேண்டும்.