நினைவூட்டலா, குத்தலா?

‘பெர் மை லாஸ்ட் மெயில்’ என்று தொடங்கினாலே வாடிக்கையாளர் காதில் விழுவது ‘ஏற்கெனவே சொன்னேனே, படிக்கவில்லையா?’ என்பதுதான். 2018-இல் அமெரிக்காவில் அடோபி நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், ‘என் முந்தைய மெயிலைப் பார்த்தீர்களா, தெரியவில்லை’ என்ற வாசகம்தான் எரிச்சலூட்டுவதில் முதலிடம் பிடித்தது.

ஓர் அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். கையேட்டின் புரூஃப் திங்கட்கிழமை போனது. வியாழன் வரை பதில் இல்லை. ‘முந்தைய மெயிலில் சொன்னபடி, உங்கள் ஒப்புதலுக்காக இன்னும் காத்திருக்கிறோம்’ என்று எழுதினால், அந்த ‘இன்னும்’ சுருக்கென்று தைக்கும். போதாக்குறைக்கு, வாடிக்கையாளர் பழைய மெயிலையும் தேட வேண்டும்.

இப்படி எழுதலாம்: ‘வணக்கம் சார். புரூஃபை மறுபடி இணைத்திருக்கிறேன். 6-ஆம் பக்க விலைப்பட்டியலை மட்டும் சரிபார்த்தால் போதும். நாளை மாலை 4 மணிக்குள் ஓகே சொன்னால் செவ்வாய்க்கிழமை டெலிவரி. தாமதமானால் வியாழன் ஆகிவிடும்.’ குற்றச்சாட்டு இல்லை, கெடு மட்டும் தெளிவாக இருக்கிறது.

சொல்லாமலும் குத்தலாம். வாடிக்கையாளரின் மேலதிகாரியைத் திடீரென்று சிசியில் சேர்த்தால், வாசகம் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் அது புகார்தான்.

பண விஷயத்தில் மட்டும் மழுப்பல் கூடாது. ‘மறந்திருப்பீர்கள், ஞாபகப்படுத்துகிறேன்’ என்பதைவிட, ‘மார்ச் 3 அன்று அனுப்பிய பில்லுக்கான ரூ.42,000 இன்னும் வரவில்லை. எந்தத் தேதியில் எதிர்பார்க்கலாம்?’ என்று நேராகக் கேட்பது மேல். தேதியும் தொகையும் யாரையும் குத்துவதில்லை. பின்னால் தகராறு வந்தால் ஆதாரமாகவும் நிற்கும். இரண்டாவது நினைவூட்டலுக்கும் பதில் இல்லையா? மூன்றாவது மெயில் வேண்டாம், போன் போடுங்கள்.