வரவெல்லாம் வருமானம் ஆகுமா?

மளிகைக் கடைக்காரர் ஒருவர் வீட்டுக் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாத ஸ்டேட்மென்ட்டில் மொத்த வரவு 9 லட்சம் ரூபாய். "மாசம் ஒன்றரை லட்சம் புரளுதே சார்" என்பது அவர் கணக்கு. கடன் அதிகாரியோ பேனாவை எடுத்துக் கழிக்கத் தொடங்குவார்.

மனைவியின் கணக்கிலிருந்து வந்த 1,20,000 முதலில் போகும். வீட்டுக்குள்ளேயே கைமாறிய பணம் சம்பாத்தியம் ஆகாது. செயலியில் வாங்கிய கடன் 1,00,000 வரவில் இருந்தாலும் கடன் கடன்தான். வங்கியில் போட்டுத் திரும்பிப்போன காசோலை 40,000, அதுவும் அவுட்.

அடுத்தது, விண்ணப்பிக்கும் மாதத்தில் 12ஆம் தேதி ஒரே தடவையில் கட்டிய ரொக்கம் 2,00,000. வாரம் இரண்டு முறை பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்று கட்டியிருந்தால் கடை விற்பனை என்று ஒப்புக்கொள்வார்கள். திடீரென்று மொத்தமாக வந்து, 14ஆம் தேதியே வெளியேறினால், கணக்கைப் பெரிதாகக் காட்டக் கைமாற்று வாங்கினாரோ என்ற சந்தேகம் வரும். ஆதாரம் இல்லையென்றால் அதையும் கழித்துவிடுவார்கள்.

மிச்சம் 4,40,000. மாதத்துக்குச் சுமார் 73,000. அதுவும் விற்பனைதான், லாபம் இல்லை. லாபம் எவ்வளவு என்பதை வருமான வரிக் கணக்கோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

இருப்பைப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பல நிறுவனங்கள் மாதத்தின் 5, 10, 15, 20, 25 தேதிகளில் கணக்கில் இருந்த தொகையை எடுத்துச் சராசரி பார்க்கின்றன. நம் கடைக்காரருக்கு அந்த மாதம் 14,000, 9,000, 6,000, 11,000, 5,000. சராசரி 9,000. இரண்டு நாள் தங்கிப்போன 2 லட்சம் இதில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கேட்கும் கடனுக்கு மாதத் தவணை 15,000 என்றால், தவணை நாளில் பணம் இருக்குமா என்று அதிகாரி யோசிக்கத்தானே செய்வார்?

பற்றுப் பக்கத்தில் தவணை திரும்பியதற்கான அபராதம் ஒரு வரி இருந்தாலும் கண்ணில் குத்தும். ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் ஒரே தொகை ஒரு தனிநபருக்குப் போனால், அது வெளி வட்டியா, சீட்டுப் பணமா, கடை வாடகையா என்று கேட்பார்கள். வாடகை என்றால் ஒப்பந்த நகல் போதும்.

சங்கடமான பக்கத்தை நீக்கியோ எண்ணை மாற்றியோ பிடிஎஃப் கொடுப்பது வீண்வேலை. ஒவ்வொரு வரியின் இருப்பும் முந்தைய வரியோடு கூட்டல் கழித்தலில் ஒத்துப்போக வேண்டும். மென்பொருள் அதை நொடியில் சரிபார்த்துவிடும். போலி என்று தெரிந்தால் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது.

நிலம் விற்றோ நகையை அடகு வைத்தோ வந்த பெருந்தொகை இருந்தால், பத்திர நகலையோ அடகு ரசீதையோ விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். அவசரமில்லை என்றால், தினசரி விற்பனையை ஆறு மாதம் ஒழுங்காக வங்கியில் கட்டிய பிறகு கடன் கேளுங்கள்.