வட்டாட்சியருக்கு ஒரு மின்னஞ்சல்

குடும்பத்தில் ஒருவர் இறந்தபின் அவருடைய வங்கிச் சேமிப்பு, பட்டா மாற்றம் என்று பல வேலைகள் வாரிசுச் சான்றிதழுக்காகக் காத்து நிற்கும். தமிழ்நாட்டில் இ-சேவை மையத்தில் கொடுத்த விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணையைக் கடந்து வட்டாட்சியரிடம் வரும். அது வழியில் நின்றுவிட்டால் பலரும் எழுதுவது, “சான்றிதழை விரைந்து வழங்க வேண்டுகிறேன்” என்ற ஒற்றை வரிதான். “நடவடிக்கையில் உள்ளது” என்ற பதிலோடு அது முடிந்துவிடும்.

எழுதுமுன் இ-சேவை ஒப்புகைச் சீட்டில் TN- என்று தொடங்கும் விண்ணப்ப எண்ணைக் கொண்டு, விண்ணப்பம் யாரிடம் இருக்கிறது என்று இணையத்தில் பாருங்கள். ஆவணம் போதாமல் அது உங்களுக்கே திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் மின்னஞ்சலால் பயனில்லை. கேட்ட ஆவணத்தைச் சேர்த்து மீண்டும் அனுப்ப வேண்டும். வருவாய் ஆய்வாளரிடம் நிற்கிறது என்றால் இப்படி எழுதலாம்:

பொருள்: வாரிசுச் சான்றிதழ் – விண்ணப்ப எண் (முழு எண்) – நாள் 12.3.2025 – கள விசாரணை நிலுவை

ஐயா/அம்மா,

என் தந்தை (பெயர்) இறந்ததையடுத்து, வாரிசுச் சான்றிதழ் கோரி 12.3.2025 அன்று மேற்கண்ட எண்ணில் விண்ணப்பித்தேன். இன்று, 5.5.2025 வரை, அது வருவாய் ஆய்வாளர் நிலையிலேயே உள்ளது. கள விசாரணைக்கு நானும் சாட்சிகளும் எந்த நாளில் வர வேண்டும் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். கூடுதல் ஆவணம் தேவையானால் அதன் பெயரைக் குறிப்பிட வேண்டுகிறேன். ஒப்புகைச் சீட்டும் இறப்புச் சான்றிதழும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு, பெயர், முகவரி, கைபேசி எண்.

எண்ணைப் பொருள் வரியிலேயே கொடுத்தால் அலுவலர் கடிதம் முழுவதையும் படிக்காமலே விண்ணப்பத்தைத் திறந்துவிடலாம். இரண்டு தேதிகளும் அருகருகே இருப்பதால் தாமதம் தானாகவே தெரிகிறது. குறைகூறும் சொல் தேவைப்படவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், கேட்ட கேள்வி. விசாரணை நாளைச் சொல்வது அந்த அலுவலகத்தின் கையில் உள்ள வேலை. ஒரு தேதியையோ ஓர் ஆவணத்தின் பெயரையோ சொன்னால்தான் அதற்குப் பதிலாகும்.

பதிலே வராவிட்டால், அதே மின்னஞ்சலை அச்செடுத்து விரைவுத் தபாலில் அனுப்புங்கள். கடிதம் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும். அதற்கும் அசைவில்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 6(1) பிரிவின்கீழ், விண்ணப்பம் ஒவ்வோர் அலுவலரிடமும் வந்த நாளையும் போன நாளையும் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தச் சட்டம் சான்றிதழை வாங்கித் தராது. ஆனால் விண்ணப்பம் யாரிடம் எத்தனை நாள் கிடந்தது என்பதை எழுத்தில் தரும். மாவட்ட ஆட்சியரிடம் முறையிடும்போது அந்தத் தாளைத்தான் இணைக்க வேண்டும்.