பிளஸ் டூ வகுப்புக்கு வரும் சர்வே படிவம்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ மாணவர்களிடம் நிரப்பச் சொல்லும் சர்வே படிவங்களில் இரண்டு கேள்விகள் அநேகமாக இருக்கும். 'என்ன ஆக விரும்புகிறாய்?', 'உன்னைத் தூண்டியவர் யார்?' கேட்பது எளிது. ஆனால் கிடைக்கும் பதிலைப் பல நேரங்களில் தவறாகவே படிக்கிறோம்.

ஒரு மாணவியை உதாரணத்துக்கு வைத்துப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு முடித்ததும் உயிரியல் குரூப் கேட்டாள். மதிப்பெண் போதவில்லை என்று காமர்ஸில் சேர்த்தார்கள். இப்போது படிவத்தில் 'ஆடிட்டர்' என்று எழுதுகிறாள், தூண்டியவர் என்ற இடத்தில் 'பெற்றோர்' என்று டிக் அடிக்கிறாள். ஆடிட்டர் ஆவது அவள் ஆசை, பெற்றோர் அதற்குத் துணை என்று அறிக்கை சொல்லிவிடும். ஆனால் அவள் ஆசைப்பட்டது நர்சிங் பட்டப்படிப்பு. அதற்கு உயிரியல் வேண்டும் என்பதால் அந்தக் கதவு பிளஸ் ஒன் சேர்க்கை நாளிலேயே மூடிவிட்டது.

ஆசையையும் எதிர்பார்ப்பையும் ஒரே கேள்வியில் கேட்பதால் வரும் பிழை இது. 15 வயது மாணவர்களிடம் பல நாடுகளில் நடக்கும் பீசா ஆய்வு, சுமார் 30 வயதில் எந்த வேலையில் இருப்பாய் என எதிர்பார்க்கிறாய் என்று கேட்கிறது. அதோடு, தடையே இல்லையென்றால் எதைப் படித்திருப்பாய் என்றும் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டு பதில்களுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் நாம் அறிய வேண்டியது. 'தூண்டியவர்' பட்டியலும் வேண்டாம். வகுப்பாசிரியர் பக்கத்தில் நிற்கும்போது பிள்ளைகள் மரியாதையான பதிலையே எழுதுவார்கள். நடந்ததைக் கேட்கலாம்: குரூப் எடுத்த அன்று கூட வந்தது யார், எதைக் கேட்டாய், எது கிடைத்தது?

இன்னொரு ஆபத்து படிவத்தின் தலைப்பகுதியில் இருக்கிறது. பெயர், வீட்டு செல்போன் எண், அப்பாவின் வருமானம் எல்லாம் அங்கே கேட்கப்பட்டால், அது ஆய்வுதானா என்று சந்தேகப்படுங்கள். விருப்பங்களைக் கணக்கெடுக்க செல்போன் எண் தேவையே இல்லை. கல்லூரிச் சேர்க்கைக்கு ஆள் பிடிப்பவர்களுக்குத்தான் அது தேவை. தேர்வு முடிந்த கையோடு, பிள்ளையின் பெயரும் குரூப்பும் சொல்லி அறிமுகமில்லாத கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தால், விவரம் எங்கிருந்தோ கைமாறியிருக்கிறது என்று பொருள்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர்களின் விவரத்தை டிஜிட்டலாகக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், விவரத்தை அழிக்கச் சொல்லலாம். சட்டம் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. அது முழுமையாக வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. யார் நடத்துகிறார்கள், எதற்காக, விவரம் யாரிடம் போகும் என்று தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தி தரவில்லையென்றால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு கொடுங்கள், பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் சொல்லலாம். மாணவர்களே, பெயரும் எண்ணும் கேட்கும் கட்டங்களை வெறுமையாக விட்டு மற்றவற்றை நிரப்பிக் கொடுக்கலாம். ஆய்வு நேர்மையானது என்றால் அதற்கு ஒரு குறையும் வராது.