இரவில் மரத்துப்போகும் மூன்று விரல்கள்: மணிக்கட்டா, கழுத்தா?

நடு இரவில் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றிலும் ஊசி குத்துவது போன்ற உணர்வு. எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். ரத்த ஓட்டம் குறைவு, வாயு என்று சொல்லித் தைலம் தேய்ப்பவர்கள் பலர். கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்து, 'எலும்பு தேய்ந்திருக்கிறது' என்று கேட்டதும் பட்டை மாட்டிக்கொள்பவர்களும் நிறைய. முதல் வகையினர் தைலத்துக்குக் கொடுத்த காசைத்தான் இழக்கிறார்கள். இரண்டாவது வகையினர் சில சமயம் கட்டை விரலின் பலத்தையே இழந்துவிடுகிறார்கள்.

காரணம் எளிது. நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், கழுத்துப் படத்தில் தேய்மானம் தெரியும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தட்டு சற்றுப் பிதுங்கியிருப்பதும் தெரியும். இது வயதின் அடையாளம். விரல் மரப்பதற்குக் காரணம் அதுதான் என்பதைப் படத்தை மட்டும் பார்த்து யாரும் உறுதி செய்ய முடியாது.

இந்த மூன்று விரல்களுக்கும் உணர்ச்சியைக் கொண்டுபோவது மீடியன் நரம்பு. மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த தசைநார்ப் பட்டைக்கும் நடுவே உள்ள குறுகிய சுரங்கத்தின் வழியாக, விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு அது உள்ளங்கைக்குள் நுழைகிறது. அங்கே இடம் நெருக்கம். தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம். சுரங்கத்துக்குள் அழுத்தம் ஏறுகிறது. நரம்புக்குப் போகும் ரத்தம் குறைகிறது. உதறியதும் சரியாவது அதனால்தான். இதைக் கார்ப்பல் டனல் என்கிறார்கள். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, மூட்டுவாதம், உடல் பருமன் உள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் வரும். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தணியும்.

கழுத்திலிருந்து வரும் ஆறாவது, ஏழாவது நரம்பு வேர்களும் இதே விரல்களுக்குத்தான் போகின்றன. ஆறாவது வேர் கட்டை விரல், ஆள்காட்டி விரல் பக்கம். ஏழாவது வேர் நடு விரல் பக்கம். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

அதைப் பிரித்தறிய மோதிர விரலைக் கவனியுங்கள். அதன் நடு விரல் பக்கப் பாதி மட்டும் மரத்து, சுண்டு விரல் பக்கப் பாதி நன்றாக இருந்தால் மணிக்கட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஏனென்றால் அந்த விரலை இரண்டு நரம்புகள் பங்கு போட்டுக்கொள்வது கைக்குள்தான். கழுத்து வேரில் அழுத்தம் என்றால் அவ்வளவு நேர்த்தியாகப் பாதி பிரியாது. கேட்டால் எல்லோரும் 'கை முழுக்க மரக்குது' என்றுதான் சொல்வார்கள். அதனால் படுக்கை அருகே ஒரு தாளில் இரு கைகளின் வடிவத்தையும் வரைந்து வைத்து, விழித்ததும் மரத்த இடத்தை மட்டும் பென்சிலால் நிழலிடுங்கள். நாலைந்து இரவுத் தாள்கள் மருத்துவருக்குப் பெரிய உதவி. சுண்டு விரலும் மரத்தால் அது வேறு நரம்பின் விஷயமாக இருக்கலாம்.

கழுத்துக் காரணம் என்றால் வலி பெரும்பாலும் கழுத்திலிருந்தோ தோள்பட்டையின் உட்புறத்திலிருந்தோ கிளம்பிக் கை வழியே இறங்கும். அண்ணாந்து அந்தப் பக்கம் சாய்ந்தால் சுரீர் என்று ஓடும். கையைத் தலைமேல் வைத்துக்கொண்டால் இதம் கிடைக்கும். முன்கைத் தோலும் மரக்கலாம். ஏழாவது வேர் பாதிக்கப்பட்டால் முழங்கையை நீட்டித் தள்ளும் பலம் குறையும்; மணிக்கட்டில் நசுங்கிய நரம்பால் அது நடக்கவே நடக்காது.

ஓர் உதாரணம். இது ஒரே ஆளின் கதை அல்ல, பலரிடம் காணும் போக்கைச் சேர்த்துச் சொல்வது. திருப்பூரில் பவர் மெஷினில் தைக்கும், சர்க்கரை நோய் உள்ள 48 வயதுப் பெண். வலது கை இரவில் மரக்கிறது. படத்தில் கழுத்துத் தேய்மானம். ஓராண்டு கழுத்துப் பட்டை, நரம்பு ஊசி, மாத்திரை. இரவு விழிப்பு நிற்கவில்லை. பிறகு பகலிலும் மரக்கிறது, ஜாக்கெட் ஹூக் மாட்ட முடியவில்லை, டம்ளர் நழுவுகிறது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பார்த்தால் வலது கட்டை விரலின் அடியில் உள்ள சதை மேடு தட்டையாகியிருக்கிறது. கழுத்தை எப்படித் திருப்பினாலும் விரலில் மாற்றம் இல்லை. முழங்கையை நீட்டும் பலம் முழுதாக இருக்கிறது. மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்தால் விரல்கள் மரக்கின்றன. நரம்பு மின்கடத்தல் சோதனையில் மணிக்கட்டில் சமிக்ஞை தாமதமாகிறது. சதை கரைந்துவிட்டதால் அறுவை சிகிச்சைதான் பரிந்துரை. அதன் பிறகு இரவு மரப்பு சீக்கிரமே நின்றுவிடுகிறது. சதை முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. பறிபோனது அந்த ஓராண்டு.

நரம்புச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்ந்த கையில் சமிக்ஞை இயல்பாகவே மெதுவாகப் போகும், ஏ.சி. அறையில் கை சில்லிட்டிருந்தால் சூடுபடுத்திவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். கழுத்து வேர் அழுத்தத்தில் விரல் மரத்திருந்தாலும் விரலின் உணர்ச்சிச் சமிக்ஞை பெரும்பாலும் சரியாகவே வரும். உணர்ச்சி நரம்பின் செல் அழுத்தம் விழும் இடத்துக்கு வெளியே, கைப்பக்கமாக இருப்பதுதான் காரணம். அப்படிப்பட்ட நிலையில் ஊசி வைத்துத் தசையைச் சோதிப்பது உதவும். ஆரம்ப நிலைக் கார்ப்பல் டனலில் சோதனை இயல்பாக வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

சதை கரையாதவர்களுக்கு முதல் வைத்தியம் மலிவானது: இரவில் மட்டும் மணிக்கட்டுப் பட்டை, ஆறு வாரம். கடையில் கிடைக்கும் பலவற்றில் உள்ளே இருக்கும் உலோகத் தகடு மணிக்கட்டைப் பின்னோக்கி வளைத்து நிற்கும். அப்படியும் சுரங்கத்தில் அழுத்தம் ஏறும். தகட்டை உருவி எடுத்து நேராக்கிவிட்டு மாட்டுங்கள். குறையாவிட்டால் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி. சில வாரமோ சில மாதமோ இதம் தரும், சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். அதற்கும் அடங்காவிட்டால் அந்தத் தசைநார்ப் பட்டையை வெட்டிவிடும் சிறு அறுவை சிகிச்சை; கையை மட்டும் மரக்க வைத்துச் செய்யலாம்.

இரண்டு இடத்திலும் பிரச்சினை இருப்பவர்களும் உண்டு. கழுத்தில் அவசரம் இல்லையென்றால் மணிக்கட்டை முதலில் கவனிப்பதே என் பார்வையில் சரி. அதன் சிகிச்சை எளிது, பலன் தெரிவதும் சீக்கிரம். ஆனால் கை விரல்கள் தடுமாறுவதோடு கால்கள் விறைத்து நடை தள்ளாடினாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அது தண்டுவட அழுத்தமாக இருக்கலாம். அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீரென்று கை மரத்து, முகம் கோணி, பேச்சு குழறினால் 108.

கழுத்துக்கு அறுவை சிகிச்சை என்று யாராவது சொன்னால் சம்மதக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: எந்த வேர் அழுத்தப்படுகிறது, அது என் விரல்களோடும் பலக்குறைவோடும் பொருந்துகிறதா, மணிக்கட்டைச் சோதித்தீர்களா? வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது நோயாளியின் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைப் பட்டயம் அதைச் சொல்கிறது. அதற்கு உங்கள் பதிவுகள் வேண்டும். 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும். எழுதிக் கொடுத்துக் கேட்டு, பெற்றுக்கொண்டதாக ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.