சுழலும் ஸ்பீக்கரும் டாப்ளர் கணக்கும்

ஹாரன் அடித்துக்கொண்டே வரும் லாரி நம்மைத் தாண்டியதும் ஒலி தணிவதைக் கேட்டிருப்பீர்கள். இதற்கான கணக்கை 1842-இல் சொன்னவர் டாப்ளர். மூல அதிர்வெண்ணை 1 − v/c என்பதால் வகுத்தால், நிற்பவர் கேட்கும் அதிர்வெண் கிடைக்கும். v ஒலிப்பொருள் நெருங்கும் வேகம். C ஒலியின் வேகம். விலகும்போது கழித்தலுக்குப் பதில் கூட்டல்.

வாசலிலேயே இதைச் சோதிக்கலாம். சிறிய புளூடூத் ஸ்பீக்கரைத் துணிப்பையில் இட்டு, 1 மீட்டர் கயிற்றில் இறுகக் கட்டுங்கள். 3000 ஹெர்ட்ஸ் ஒலியை விடாமல் எழுப்பி, தலைக்கு மேல் சுழற்றுங்கள். பிள்ளைகள் விலகி நிற்கட்டும்.

20 சுற்றுக்கு 12 விநாடி என்றால், வேகம் விநாடிக்கு 10.5 மீட்டர். 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் 349 மீட்டர். கணக்குப்படி நெருங்கும்போது 3093, விலகும்போது 2913 ஹெர்ட்ஸ்.

சுழற்றுபவருக்கு மாற்றமே கேட்காது. அவருக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம் மாறுவதில்லையே! ஆகவே 4 மீட்டர் தள்ளி, சுழலும் உயரத்திலேயே ஒருவர் கைப்பேசியைப் பிடிக்க வேண்டும். தரையில் வைத்தால் மாற்றம் குறைந்து தெரியும்.

phyphox செயலியின் ஒலி நிறமாலையில் 4096 மாதிரிகள் என வைத்தால், முகடு இடமும் வலமும் ஓடும். படி சுமார் 12 ஹெர்ட்ஸ். ஆகவே 180 ஹெர்ட்ஸ் அகலத்தைச் சரிபார்க்கலாம். ஏற்றம் 93, இறக்கம் 87 என்ற சிறு வேற்றுமை பிடிபடாது. மாதிரிகளைக் கூட்டினால், அதற்குள் ஸ்பீக்கர் வெகுதூரம் சுற்றிவிட, முகடு கலங்கிவிடும்.

அகலம் கணக்கைவிட மிகுந்தால் கையைப் பாருங்கள். கையும் வட்டமிட்டால், உண்மையான ஆரம் கயிற்றைவிட நீளம்.