கோவையினுள் மிகுப்பு செயற்குறி

`x++`, `++x` ஆகியவை தனிக் கூற்றாக வரும்போது ஒரே விளைவையே தரும். பெரிய கோவையினுள் வரும்போது வேறுபாடு தோன்றும். `x`-இன் மதிப்பு 5 எனக் கொள்வோம்.

```c
y = x++ + 10;
```

பின்னொட்டு, பழைய மதிப்பான 5-ஐயே கோவைக்குத் தருகிறது. எனவே `y` 15 ஆகும். `++x` என முன்னொட்டாக எழுதினால், புதிய மதிப்பான 6 பயன்பட்டு, `y` 16 ஆகும். இரு நிலையிலும் இறுதியில் `x` 6 ஆகும்.

அடுத்து, பின்வரும் கூற்றைக் காண்க.

```c
y = x++ + ++x;
```

இங்கு ஒரே மாறி இருமுறை மாற்றப்படுகிறது. எந்த மாற்றம் முதலில் நிகழும் என்பதைச் சி மொழி வரையறுக்கவில்லை. ஆகவே 12 என்னும் விடை கிடைத்தாலும் அதனை உறுதியானதாகக் கொள்ளலாகாது. வேறொரு நிரல்பெயர்ப்பி வேறு மதிப்பைத் தரலாம். `gcc -Wall` என இயக்கினால் இதற்கு எச்சரிக்கை தோன்றும். ஒவ்வொரு மிகுப்பையும் தனிக் கூற்றாக எழுதினால் இம்மயக்கம் நீங்கும்.